மணிவிழாப் படத்தில் சட்டைக்கைக் கோடு: தோளிலும் கையிலும் படிந்த வெயில் நிறத்தைச் சீராக்கும் முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீடுகளில் அறுபதாம் கல்யாணத்தன்று எடுக்கப்படும் தம்பதியர் படத்தில், மற்ற நாளெல்லாம் அரைக்கைச் சட்டையோடு திரிந்த மனிதர் வேட்டியும் துண்டும் மட்டும் அணிந்து, மார்பில் ருத்ராட்சமும் புயத்தில் விபூதிப் பட்டையுமாக அமர்ந்திருப்பார். நேரில் பார்க்கும்போது யாருக்கும் உறுத்தாத ஒன்று படத்தில் முதலில் கண்ணில் படுகிறது. சட்டைக்கை முடியும் இடத்திலிருந்து விரல் நுனி வரை ஒரு நிறமாகவும், அதற்கு மேலே தோளும் மார்பும் வேறொரு நிறமாகவும் இருக்கின்றன. கழுத்தில் சட்டையின் முதல் பொத்தான் திறந்திருந்த இடம் கீழ்நோக்கிய முக்கோணமாகக் கறுத்திருக்கிறது. மணிக்கட்டில் கடிகாரப் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது.

இந்த ஒரு வகைப் படத்தை எடுத்துக்கொண்டு, அதை ஃபோட்டோஷாப்பில் எப்படிச் சீராக்குவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். குட்டைக்கை ரவிக்கை அணிந்த மணப்பெண்ணின் படத்துக்கும் இதே முறை பொருந்தும். அங்கே கோடு சற்று மேலேயோ கீழேயோ இருக்கும், அவ்வளவுதான்.

எந்த நிறத்தை நோக்கிப் போவது

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கறுத்த கையை வெளுத்த தோளின் நிறத்துக்கு ஏற்றுவதா, அல்லது தோளைக் கையின் நிறத்துக்கு இறக்குவதா? நம் ஸ்டூடியோக்களில் பலர் யோசிக்காமல் முதல் வழியையே பிடிக்கிறார்கள். அந்த வழியில் போனால் முகம் இடிக்கும், ஏனெனில் முகமும் கையைப் போலவே தினமும் வெயில் வாங்கியது. கையை வெளுத்துவிட்டால் தோள், மார்பு, கை மூன்றும் ஒரு நிறமாகவும் முகம் மட்டும் வேறொருவருடையது போலவும் நிற்கும். அதைச் சரிசெய்ய முகத்தையும் வெளுக்கப் போனால், வீட்டார் அறிந்த மனிதர் படத்தில் இருக்க மாட்டார். காரைக்குடியில் ஒரு ஆச்சி படம் எடுத்து முடித்த கையோடு என்னிடம், "தம்பி, கோட்டை மட்டும் எடுத்துருங்க, அவுகளுக்கு வெள்ளையடிச்சுறாதீக" என்று சொன்னார்கள். இந்த வேலைக்கு அதைவிடத் தெளிவான குறிப்பு தேவையில்லை.

ஆகவே முகத்தின் நிறமே இலக்கு. வெளுத்த தோளையும் மார்பையும் அதை நோக்கி இறக்குகிறோம். கறுத்த கையைத் தேவைப்பட்டால் மிகச் சிறிதளவு மட்டும் உயர்த்துகிறோம். இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இருண்ட பகுதியை உயர்த்தினால் அதில் மறைந்திருக்கும் மணல் போன்ற இரைச்சலும் சேர்ந்து மேலே வரும். வெளிச்சமான பகுதியை இறக்கும்போது அந்தத் தொல்லை இல்லை.

வெயிலா, வெளிச்சமா என்று பிரித்தறிதல்

கையில் தெரியும் நிற வேறுபாடு முழுவதும் வெயிலால் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வளவில் அமர்த்தி எடுத்த படத்தில் மேலிருந்து வரும் வானத்து வெளிச்சம் தோளின் மேற்புறத்தில் சற்று நீலம் கலந்து விழுகிறது. கீழே ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் முழங்கைக்குக் கீழே எதிரொளிக்கின்றன. பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்துக் கை மட்டும் வெளிறித் தெரியும். இவற்றை வெயில் கறுப்பு என்று நினைத்துத் திருத்தினால் கை உருளை வடிவத்தை இழந்து தட்டையாகிவிடும்.

பிரித்தறிய எளிய வழி வேட்டியும் துண்டும்தான். முன்கையின் அருகே உள்ள வேட்டி மடிப்பைப் பாருங்கள். அந்த வெள்ளையிலும் சிவப்புச் சாயல் இருந்தால் கையில் உள்ள சிவப்பு தரையிலிருந்து வந்தது. வேட்டி சுத்தமான வெள்ளையாக இருந்து கை மட்டும் பழுப்பாக இருந்தால் அது தோலின் நிறம். தரையின் சாயலை ரா கோப்பை விரிக்கும்போதே அந்தப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, Temp, Tint இரண்டையும் சிறிது நகர்த்திக் குறைத்துவிட வேண்டும். படமெடுக்கும் முன்பே இதை எண்ணுகிறவர்கள், சட்டகத்துக்கு வெளியே கால்மாட்டில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டால் பாதி வேலை மிச்சம்.

வெயில் நிறத்திலும் இரண்டு வகை உண்டு. முந்தின நாள் கோயிலுக்கும் பத்திரிகை வைப்பதற்கும் அலைந்ததால் வந்த சிவப்பு ஒன்று. அது தோலில் இரத்த ஓட்டம் மிகுந்ததால் வருவது. ஆண்டுக்கணக்கில் படிந்த பழுப்பு மற்றொன்று, அது மெலனின். சிவப்புக்கு நிறத்தை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். பழுப்புக்கு முதலில் வெளிச்ச அளவை மாற்ற வேண்டும், நிறம் அதற்குப் பிறகுதான். மணிவிழாப் படங்களில் நாம் சந்திப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையே.

அளந்து பார்த்தல்

கண்ணை மட்டும் நம்பினால், கோட்டின் ஒரு பக்கத்தை நீண்ட நேரம் பார்த்த பிறகு மறுபக்கத்தின் நிறம் கண்ணில் மாறிவிடும். எனவே எண்களின் துணை வேண்டும். படத்தை 16 பிட்டில் திறந்துகொள்ளுங்கள். 8 பிட்டில் தோள் போன்ற வழவழப்பான பரப்பை இறக்கினால் படிப்படியான பட்டைகள் தோன்றக்கூடும். Color Sampler Tool எடுத்து, மேலே உள்ள Sample Size என்பதை 31 by 31 Average என வையுங்கள். புள்ளிகளை வைத்ததும் Info பலகத்தில் ஒவ்வொன்றின் அளவீட்டையும் Lab என மாற்றுங்கள். ஒற்றைப் புள்ளியில் அளந்தால் ஒரு நரைமுடியோ ஒரு வியர்வைத் துளியோ அளவைக் கெடுத்துவிடும்.

Lab அளவில் L என்பது வெளிச்சம். 0 கருமை, 100 வெண்மை. a கூடினால் சிவப்பு மிகும், b கூடினால் மஞ்சள் மிகும். தோலுக்கு இந்த மூன்றும் போதும்.

புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தோள் உச்சியில் ஒன்றும் முன்கையில் ஒன்றும் வைத்தால், அவை வெவ்வேறு திசையை நோக்குவதால் வெளிச்சமே வேறு. அந்த வேறுபாட்டை வெயிலின் கணக்கில் எழுதிவிடுவோம். கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே ஒன்று, இரண்டு விரற்கடை கீழே ஒன்று என்று இணையாக வையுங்கள். அவ்வளவு சிறிய தூரத்தில் கையின் வளைவு மாறாது. ஆகவே இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் தோலுடையதே. இப்படிக் கையின் வெளிப்புறத்தில் ஓர் இணை, முன்புறத்தில் ஓர் இணை, உள்புறத்தில் ஓர் இணை வேண்டும். கன்னத்தில், அதே பக்கத்து வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே எடுத்துக்கொண்ட படத்தில் வலக்கையின் வெளிப்புறத்தில் கோட்டுக்கு மேலே L 56, a 15, b 23. கீழே L 44, a 17, b 25. முன்புறத்தில் வேறுபாடு 12 அல்ல, 9 மட்டுமே. உள்புறத்தில் வெறும் 3. கன்னத்தில் L 47, a 18, b 25. இடக்கையின் வேறுபாடு எல்லா இடத்திலும் குறைவு. கார் ஓட்டுகிறவர்களுக்கு நம் ஊரில் சன்னல் பக்கம் வலக்கைதான் இருக்கும். ஆகவே இரண்டு கைகளையும் தனித்தனியாகவே அளக்க வேண்டும். ஒரு கைக்குச் செய்ததை மறுகைக்கு அப்படியே நகலெடுத்தால் ஒன்று சரியாகவும் மற்றொன்று கறுத்தும் வரும்.

இந்த எண்களைப் பார்த்து இலக்கை இப்படி வகுத்தேன்: கோட்டுக்கு மேலே உள்ள தோலை 56இலிருந்து 48க்கு இறக்குவது, கீழே உள்ளதை 44இலிருந்து 46க்கு உயர்த்துவது. எஞ்சிய 2 வேறுபாட்டை விட்டுவிடலாம். கை கீழே போகப் போகச் சற்றுக் கறுப்பது இயல்பே.

இரண்டு மாஸ்க், இரண்டு வேலை

ஒரே மாஸ்க்கில் எல்லாவற்றையும் செய்ய முயன்றால் பிடிபடாது. உடலின் வெளிவரம்புக்குக் கூர்மையான விளிம்பு வேண்டும். வெயில் கோட்டுக்கு மென்மையான விளிம்பு வேண்டும். ஆகவே முதலில் ஒரு குரூப் உருவாக்கி, அதன் மாஸ்க்காக முகத்தைத் தவிர்த்த தோல் முழுவதையும் தேர்ந்தெடுத்து வையுங்கள். பின்னணி, வேட்டி, துண்டு, மாலை, ருத்ராட்சம், தங்கச் சங்கிலி எல்லாம் இந்த மாஸ்க்கில் கறுப்பாக இருக்க வேண்டும். இதை ஒருமுறை பொறுமையாகச் செய்துவிட்டால் உள்ளே வைக்கும் எந்த லேயரும் வெளியே வழியாது.

குரூப்புக்குள் ஒரு Curves லேயர் சேர்த்து, அதன் கலப்பு முறையை Luminosity என மாற்றுங்கள். Normal முறையிலேயே விட்டுவிட்டு வளைவை இறக்கினால் வெளிச்சத்தோடு நிறச் செறிவும் ஏறி, தோள் ஆரஞ்சு நிறமாகும். படம் கெட்டதற்கு எல்லோரும் சொல்லும் "மஞ்சள் அடிச்ச மாதிரி இருக்கு" என்ற குறை பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். Curves பலகத்தில் உள்ள கைக்குறிக் கருவியை எடுத்து, கோட்டுக்கு மேலே உள்ள அளவுப் புள்ளியின் மீது வைத்துக் கீழே இழுங்கள். Info பலகத்தில் 56/48 என்று வரும் வரை இழுத்தால் போதும். வளைவின் மேல் முனையை அசைக்காதீர்கள். தோளின் மேல் பளிச்சிடும் ஒளி அப்படியே இருந்தால்தான் தோல் தோலாகத் தெரியும். அந்த ஒளியும் இறங்கினால் சாம்பல் பூசியது போலாகிவிடும். அதைக் காக்க, லேயரை இருமுறை சொடுக்கி, Blend If பகுதியில் Underlying Layer என்பதன் வெள்ளை முக்கோணத்தை Alt அழுத்தியபடி இரண்டாகப் பிரித்து, ஏறத்தாழ 195/235 என வைக்கலாம். படத்துக்குப் படம் இது மாறும். ஒளிப்புள்ளிகள் மீண்டும் மின்னத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது மாஸ்க்கை Ctrl+I கொடுத்துக் கறுப்பாக்கி, Lasso கருவியால் சட்டைக்கைக் கோட்டின் மேல் வரைந்து, அதற்கு மேலே உள்ள தோல் முழுவதையும் சுற்றி வளைத்து வெள்ளை நிரப்புங்கள். சட்டைக்கையின் ஓரம் கையைச் சுற்றிய வளையம் என்பதால் படத்தில் அது நேர்கோடாக இராது. கீழ்நோக்கி வளைந்த வில்லாக இருக்கும். அந்த வளைவைத் தொடர்ந்து வரைய வேண்டும். கழுத்து முக்கோணத்தின் ஓரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள்.

கோட்டின் மென்மையும் மாஸ்க்கின் மென்மையும்

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சட்டைக்கை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கையை உயர்த்தினால் ஏறுகிறது, இறக்கினால் இறங்குகிறது, ஒரு சட்டைக்கும் இன்னொன்றுக்கும் நீளம் வேறு. ஆகவே கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடம் கோடாக இல்லாமல், ஓரிரு விரற்கடை அகலமுள்ள மாற்றமாக இருக்கிறது. நம் மாஸ்க்கின் விளிம்பும் அதே அகலத்தில் மங்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கோடு போகாது. வேறு உருவில் மிஞ்சும்.

படத்தை 100 சதவிகிதத்தில் வைத்து, மேலே உள்ள நிறம் மாறத் தொடங்கும் இடத்திலிருந்து கீழே உள்ள நிறம் நிலைபெறும் இடம் வரை எத்தனை பிக்சல் என்று Ruler Tool கொண்டு அளந்து பாருங்கள். என் படத்தில் அது ஏறத்தாழ 120 பிக்சல். Properties பலகத்தில் மாஸ்க்கின் Feather அளவை அதில் மூன்றில் ஒரு பங்கான 40 என வைத்துத் தொடங்கலாம். Feather பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. அதனால்தான் Gaussian Blur கொடுத்து மாஸ்க்கை நிரந்தரமாக மங்கச் செய்வதை நான் விரும்புவதில்லை.

பிறகு படத்தைச் சிறிதாக்கிக் கோடு இருந்த இடத்தைப் பாருங்கள். வெளுத்திருந்த பக்கத்தில் கோட்டை ஒட்டி ஒரு வெளிர் கீற்றும், கறுத்த பக்கத்தில் ஒரு கருங்கீற்றும் தெரிந்தால் மாஸ்க் தேவைக்கு மேல் மென்மையாக இருக்கிறது. மேலே போதிய அளவு இறங்கவில்லை, ஏற்கனவே கறுத்திருந்த கீழ்ப்பக்கமும் சேர்ந்து இறங்கிவிட்டது என்பதே அதன் பொருள். Feather அளவைக் குறையுங்கள். இதற்கு நேர்மாறாக, மேற்பக்கத்தில் கருங்கீற்றும் கீழ்ப்பக்கத்தில் வெளிர் கீற்றும் வந்தால் மாஸ்க் கூர்மையாக இருக்கிறது. பாதி கறுத்திருந்த தோலுக்கும் முழுத் திருத்தம் விழுந்துவிட்டது. Feather அளவைக் கூட்டுங்கள். இரண்டு கீற்றுகளும் இல்லாமல் ஒரே ஒரு கீற்று மட்டும் இருந்தால் மென்மையில் பிழையில்லை. மாஸ்க்கின் ஓரம் மேலேயோ கீழேயோ தள்ளி விழுந்திருக்கிறது. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Move Tool கொண்டு அம்புக்குறி விசையால் சில பிக்சல் நகர்த்தினால் அது மறையும். லேயருக்கும் மாஸ்க்குக்கும் இடையே உள்ள சங்கிலிக் குறியை அதற்கு முன் நீக்கிவிட வேண்டும்.

கோட்டின் மென்மை சுற்றிலும் ஒரே அளவில் இல்லாத படங்களும் வரும். அப்போது Feather அளவைக் கூர்மையான இடத்துக்குப் பொருந்துமாறு வைத்துவிட்டு, மென்மையான இடத்தில் மட்டும் பெரிய மென் பிரஷ்ஷால் Flow 5 சதவிகிதத்தில் மாஸ்க்கின் ஓரத்தைத் தடவிக் கலைக்கலாம்.

அடுத்து, முன்பு எடுத்த மூன்று இணைகளின் அளவுக்கு வருவோம். வெளிப்புறத்தில் 12 வேறுபாட்டுக்கு வைத்த திருத்தம், உள்புறத்தில் 3 மட்டுமே வேறுபடும் தோலின் மேலும் முழுதாக விழுந்தால் அங்கே புதிதாக ஒரு தலைகீழ்க் கோடு முளைக்கும். எனவே மாஸ்க்கில் முன்புறத்தை நான்கில் மூன்று பங்கு வெளிச்சமுள்ள சாம்பலாகவும், உள்புறத்தை நான்கில் ஒரு பங்காகவும் தடவிக் குறையுங்கள்.

மார்பும் வயிறும் முழுவதுமாக இறங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு உறுத்துவது நிற வேறுபாடு அன்று, அது சட்டென்று மாறும் ஓரமே. ஓரம் மறைந்துவிட்டால், ஒரு சாண் தூரத்துக்குள் மெல்ல மாறும் வேறுபாட்டை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே தோளிலிருந்து மார்பின் நடுவை நோக்கி மாஸ்க்கை மெல்ல 60 சதவிகிதம் வரை மங்க விடலாம். உடம்பெல்லாம் ஒரே நிறமாக நிரப்பிய பொம்மைத் தோற்றமும் இதனால் தவிர்க்கப்படும்.

நிறத்தைத் தனியே திருத்துதல்

Luminosity முறையில் இறக்கிய பிறகு தோளைப் பார்த்தால் அளவு சரியாக இருந்தும் ஏதோ மண் படிந்தது போல, உயிரற்றுத் தெரியக்கூடும். வெயில் வாங்கிய தோலில் கருமையோடு சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஏறியிருக்கும். நாம் கருமையை மட்டும் ஏற்றினோம். இப்போது அளவுப் புள்ளியைப் பார்த்தால் a 14, b 22 என்பது போல, கன்னத்தைவிடக் குறைவாக இருக்கும்.

முதல் லேயரின் மேல் இன்னொரு Curves லேயர் சேர்த்துக் கலப்பு முறையை Color என மாற்றுங்கள். முதல் லேயரின் மாஸ்க்கை Alt அழுத்தி இழுத்து இதற்கு நகலெடுங்கள். Green வளைவைச் சிறிது கீழே இறக்கினால் a ஏறும். Blue வளைவை இறக்கினால் b ஏறும். கன்னத்தின் அளவை முழுவதும் எட்ட வேண்டாம். முகத்தில் இரத்த ஓட்டத்தால் எப்போதும் சிவப்பு மிகுதி. கோட்டுக்குக் கீழே உள்ள கையின் a, b அளவுகளை நெருங்கினால் போதும். என் படத்தில் a 16, b 24 என்ற இடத்தில் நிறுத்தினேன். வளைவின் நகர்வு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவே இருக்கும். பெரிதாக இழுக்க நேர்ந்தால் முதல் லேயரில் L தவறாக இறங்கியிருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள்.

கோட்டுக்குக் கீழே 44இலிருந்து 46க்கு உயர்த்துவதற்கு மூன்றாவதாக ஒரு Curves லேயர், Luminosity முறையில். இதன் மாஸ்க் முதல் மாஸ்க்கின் தலைகீழ் நகல். முழங்கையை நெருங்கும்போது முற்றிலும் மங்கிவிட வேண்டும். முன்கையையும் புறங்கையையும் தொட வேண்டாம்.

விபூதியும் கடிகாரப் பட்டையும்

புயத்தில் பூசிய விபூதிப் பட்டைகள் பெரும்பாலும் கோடு விழும் இடத்துக்கு அருகிலேயே இருக்கும். Blend If அவற்றை முழுதாகக் காப்பாற்றாது. நிழல் பக்கத்தில் இருக்கும் விபூதி, வெளிச்சப் பக்கத்துத் தோலைவிட இருண்டது. ஆகவே கையால்தான் தடவ வேண்டும். குரூப் மாஸ்க்கில் பட்டையின் அகலத்துக்குச் சமமான பிரஷ் எடுத்துக் கறுப்பால் தடவுங்கள், ஆனால் முழுக் கறுப்பு வேண்டாம். விபூதி மெல்லிய பூச்சு. அதன் ஊடே தோலும் தெரிகிறது. முழுவதும் விலக்கினால் பட்டைகளுக்கு இடையே பழைய வெளுத்த தோல் எட்டிப் பார்க்கும். Opacity 60 அளவில் தடவி, பட்டையின் நடுவில் மட்டும் இன்னொரு முறை தடவினால் பொருந்திவிடும். காய்ந்து உதிர்ந்த துகள்களை விட்டுவிடுங்கள், அவை படத்துக்கு அழகு.

கடிகாரப் பட்டையின் தடம் சட்டைக்கைக் கோட்டுக்கு நேர்மாறான குணமுடையது. பட்டை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கமாக இருப்பதால் ஓரம் கூர்மையாக இருக்கும். இதற்குத் தனி Curves லேயர் வைத்து, Feather 5 அல்லது 6 பிக்சலில் தொடங்குங்கள். இதில் தோலை இறக்குவது மட்டுமே வேலை. பட்டை அழுத்திய தடத்தின் சிறு பள்ளம் நிழலாகத் தெரிந்தால் அதை Healing Brush கொண்டு பிறகு எடுக்கலாம்.

அந்த Healing Brush கருவியையே பெரிய கோட்டுக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது தான் தடவும் இடத்தின் சுற்றுப்புற நிறத்தோடு கலக்கும் இயல்புடையது; இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில் தடவினால் எதோடு கலப்பது என்று தெரியாமல் அழுக்குத் திட்டுகளை உண்டாக்கும். தோலின் நிறத்தையும் நுண்தன்மையையும் இரண்டு லேயராகப் பிரித்து, நிற லேயரை மங்கச் செய்யும் முறையும் பரவலாக இருக்கிறது. சிறு திட்டுகளுக்கு அது உதவும். இவ்வளவு அகலமான கோட்டுக்கு அதைக் கொடுத்தால் கையின் ஓரத்து நிழலும் பின்னணியும் ஒன்றோடொன்று கரைந்து, கை வழவழப்பான குழாயாகிவிடுகிறது.

எஞ்சிய திட்டுகள்

கோடு போன பிறகுதான் தோளின் மேற்புறத்தில் இருக்கும் சிறு சிறு வெயில் திட்டுகள் தெரியத் தொடங்கும். அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு தற்காலிக லேயர்கள் போதும். வெளிச்சத் திட்டுகளுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயரும் அதன் மேல் செங்குத்தான Curves லேயரும் வையுங்கள். நிறத் திட்டுகளுக்கு, 50 சதவிகிதச் சாம்பல் நிரப்பிய லேயரை Luminosity முறையில் வைத்து, அதன் மேல் Hue/Saturation லேயரில் Saturation அளவை ஏற்றுங்கள்; வெளிச்சமெல்லாம் சமமாகி, எங்கே சிவந்திருக்கிறது, எங்கே மஞ்சளாக இருக்கிறது என்பது மட்டும் நிற்கும்.

வெளிச்சத் திட்டுகளை, கறுப்பு மாஸ்க் போட்ட ஓர் உயர்த்தும் Curves லேயரிலும் ஓர் இறக்கும் Curves லேயரிலும், திட்டைவிடச் சற்றுச் சிறிய மென் பிரஷ்ஷால் Flow 3 சதவிகிதத்தில் தடவிச் சமன்செய்யலாம். நிறத் திட்டுகளுக்கு Color முறையில் ஒரு வெற்று லேயர் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை Alt அழுத்தி எடுத்து, அதே மென்மையில் பூசுங்கள். அந்த உதவி லேயர்களின் வழியே பார்த்தால் எல்லாமே பயங்கரமாகத் தெரியும். எல்லாவற்றையும் துடைக்கத் தோன்றும். முழங்கை கறுத்திருப்பது, கையின் உள்புறம் வெளுத்திருப்பது, அறுபது வயதுத் தோளில் இருக்கும் மச்சங்களும் புள்ளிகளும் வெயில் கோட்டைச் சேர்ந்தவை அல்ல. உதவி லேயர்களை அணைத்தபின் கண்ணுக்குத் தெரியாத திட்டு எதுவோ, அதை விட்டுவிடலாம்.

சரிபார்த்தல்

Image மெனுவில் Image Rotation வழியாகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்கு அது புதிய படமாகத் தெரிந்து, எஞ்சிய கீற்று உடனே புலப்படும். பிறகு படத்தை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கி, முகம், தோள், கை மூன்றும் ஒரே ஆளுடையதாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தோள் மட்டும் கனத்துத் தெரிந்தால் குரூப்பின் Opacity அளவை 85 வரை குறைப்பதே எளிய மருந்து. வெளிப்புறத்தில் எனக்குக் கடைசியாகக் கிடைத்த அளவு, கோட்டுக்கு மேலே L 48, a 16, b 24. கீழே L 46, a 17, b 25.

ஆல்பம் அச்சுக்குப் போகும் படம் என்றால் sRGB நிறவெளிக்கு மாற்றி, தோளும் முகமும் கையும் சேர்ந்து வரும் ஒரு சிறு துண்டை மட்டும் முதலில் அச்சிட்டு வாங்கிப் பாருங்கள். நிழல் பகுதிகள் திரையில் தெரிவதைவிடத் தாளில் சற்று அடைந்து வருவதால், 46க்கும் 48க்கும் இடையே விட்டுவைத்த சிறு வேறுபாடு அங்கே கூடித் தெரியக்கூடும். அப்படி வந்தால் முதல் லேயரைத் தொட வேண்டாம்; கையை உயர்த்திய மூன்றாவது லேயரில் இன்னும் ஒரு அளவு ஏற்றினால் தாளிலும் கோடு மறைந்துவிடும்.